"பதினேழுக்கு எடுத்துக்கறேன்னுட்டாரு": ஒரு உரையாடல், அதுல வந்த குழப்பம், அதுக்கு கேள்வி வச்ச கதை

ரெண்டு பேர் பேசிக்கிற ஒரு பத்தியக் குடுத்து "இவங்களுக்குள்ள குழப்பம் ஏன் வந்துச்சு?"ன்னு கேட்டா, பாதிப் பிள்ளைங்க "சரியா கேக்கல"ன்னு எழுதும், மீதிப் பிள்ளைங்க "கவனமா இல்ல"ன்னு எழுதும். பத்தியில போன்ங்கிற ஒரு வார்த்தை இருந்துட்டா போதும், சிக்னல் இல்லன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. நீடாமங்கலம் பக்கத்துல சாயங்கால டியூஷன்ல ஒன்பதாவது பத்தாவது பிள்ளைங்களுக்கு நான் தமிழ் எடுக்குறேன், அந்த வகுப்புக்குன்னே எழுதுன ஒரு பத்தி இது. இத ஒரு நிகழ்வா எடுத்து முழுசா பிரிச்சுப் பாத்தா, காரணம்ங்கிறத உரையாடலுக்குள்ளேருந்து எப்படி வெளிய எடுக்கணும்னு தெளிவா தெரியும், அதனாலதான் வரி வரியா எழுதுறேன்.

மொதல்ல பத்தி.

பிப்ரவரி 15, காலையில பதினோரு மணி. சம்பா அறுவடை முடிஞ்சு கமலம் அத்தையோட நெல்லு கொள்முதல் நிலையத்துக் களத்துல அம்பாரமா கெடக்கு. அண்ணன் மகன் ரகுதான் காவல், ரெண்டு நாளா சரியான தூக்கம் இல்ல. நேத்து சாயங்காலம் ரகு வீட்டுக்கு சாப்பிடப் போயிருந்த நேரத்துல அத்தை களத்துக்கு வந்துச்சு. பட்டியல் எழுத்தர் மீட்டர் வச்சுப் பாத்துட்டு, "ஈரப்பதம் பத்தொம்பது காட்டுதும்மா, பதினேழுக்கு எறக்குங்க, எடுத்துக்கறேன்"னாரு. அத்தை ரகு வர்ற வரைக்கும் நிக்காம ஊருக்குப் போயிடுச்சு. இன்னைக்குக் காலையில அதே எழுத்தர் ரகுகிட்ட, "உங்க முறை பதினேழாந்தேதி"ன்னு சொன்னாரு. பக்கத்து அம்பாரத்துக்காரரும் அத காதால கேட்டாரு, கேட்டுட்டு பைக்க எடுத்துக்கிட்டு ஊருக்குக் கெளம்பிட்டாரு. களத்துல டிராக்டர் ஓடிக்கிட்டிருக்கு. அத்தைகிட்டேருந்து போன் வருது.

1. கமலம்: ரகு, பதினேழு ஆயிடுமாடா?
2. ரகு: ஆயிடும் அத்த. காலையிலதான் சொன்னாரு.
3. கமலம்: யாரு, எழுத்தரா?
4. ரகு: ஆமா. பதினேழுக்கு எடுத்துக்கறேன்னுட்டாரு.
5. கமலம்: அப்ப இன்னும் ரெண்டு இருக்கு.
6. ரகு: ஆமாத்த, ரெண்டுதான். தானா போயிடும்.
7. கமலம்: தானா எப்படிடா போவும்? கூட இருந்து பாக்கணும்ல?
8. ரகு: நான்தான் ராப்பகலா இங்கயே கெடக்குறனே.
9. கமலம்: ரெண்டு ஆள் அனுப்பவா?
10. ரகு: ஆளா, எதுக்கு அத்த? ஒருத்தன் போதும், படுத்துக்கிட்டே பாத்துக்கலாம்.
11. கமலம்: படுத்துக்கிட்டா?
12. ரகு: ஆமா, தார்ப்பாயப் போட்டு சுத்தி கல்லு வச்சுட்டேன். இனி பதினேழுக்குத்தான் பிரிக்கணும்.
13. கமலம்: மூடி வச்சா எப்படிடா பதினேழு ஆவும்?
14. ரகு: மூடுனாலும் மூடாட்டியும் நாளு போவத்தானே செய்யும்?
15. கமலம்: நாளா? நீ எந்தப் பதினேழடா சொல்ற?

எங்க பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இதுல எதையும் வெளக்க வேண்டியதில்ல. நெல்லு 17 சதவீத ஈரப்பதத்துக்குள்ள இருந்தாத்தான் நிலையத்துல எடுப்பாங்கங்கிறது பொதுவான விதி, மழை வருஷத்துல அரசாங்கம் தளர்த்திக் குடுத்தா 19, 20ன்னு ஏறும், அதெல்லாம் வீட்டுல தெனமும் பேசுற பேச்சு. வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ஒண்ணு மட்டும் சொல்றேன், ஈர நெல்ல வெயில்ல பரப்பி காலால தள்ளியோ பலகையால இழுத்தோ கெளறிவிட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஈரம் எறங்கும். தார்ப்பாயப் போட்டு மூடுனா ஈரம் உள்ளயே நின்னுடும், நெல்லு சூடேறும், நெறம் மாறும், ரொம்ப நாள் விட்டா மொளைச்சே போயிடும். அதனால 12வது வரியில ரகு சொல்றது அத்தைக்கு வயித்தக் கலக்குற விஷயம், ரகுவுக்கோ அது பொறுப்பா செஞ்ச வேலை.

இப்ப கேள்விங்க. அஞ்சு வச்சேன், வரிசை முக்கியம்.

மொதக் கேள்வி: போன் வர்றதுக்கு முன்னாடி கமலத்துக்குத் தெரிஞ்சு ரகுவுக்குத் தெரியாதது எது, ரகுவுக்குத் தெரிஞ்சு கமலத்துக்குத் தெரியாதது எது?

இது சும்மா எடுத்து எழுதுற கேள்வி மாதிரி இருக்கும். ஆனா இத மொதல்ல கேக்காம நேரா காரணத்துக்குப் போனா பிள்ளைங்க உரையாடல மட்டும்தான் பாக்கும், அதுக்கு மேல இருக்குற அறிமுகத்தத் திரும்பிப் பாக்கவே பாக்காது. கமலத்துக்கு ஈரப்பதம் 19ன்னு தெரியும், ரகுவுக்குத் தெரியாது. ரகுவுக்கு முறை 17ஆம் தேதின்னு தெரியும், கமலத்துக்குத் தெரியாது. சரிபாதியா ஆளுக்கு ஒண்ணு. இதுக்கு மேல இன்னொன்னு இருக்கு, நல்லா படிக்கிற பிள்ளைங்க அத எடுத்துச் சொல்லும்: அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு இது தெரியாதுங்கிறதே ரெண்டு பேருக்கும் தெரியாது. ரகு ஏன் "அத்தைக்கு தேதி எப்படித் தெரிஞ்சுச்சு?"ன்னு யோசிக்கல? பக்கத்து அம்பாரத்துக்காரர் பைக்ல ஊருக்குப் போனாருல்ல, அவர் சொல்லியிருப்பாருன்னு ரகு நெனச்சிருக்க எடம் இருக்கு. அந்த ஒரு வரிய பத்தியில போடலன்னா ரகுவோட புரிதல் நம்புற மாதிரி இருக்காது, கதைக்காக அவன முட்டாளாக்குன மாதிரி ஆயிடும். இப்படி ஒரு பத்தி எழுதுறவங்க கட்டாயம் பாக்க வேண்டிய எடம் இது, ரெண்டு பேரோட புரிதலுக்கும் பத்திக்குள்ளயே நியாயம் இருக்கணும்.

ரெண்டாவது கேள்வி: 1, 4, 5, 6 இந்த நாலு வரியிலயும் சொல்லாம விட்டத நிரப்பி, கமலம் மனசுல உள்ளபடி ஒருதடவ, ரகு மனசுல உள்ளபடி ஒருதடவ முழு வாக்கியமா எழுதுக.

எனக்கு இந்த அஞ்சுல ரொம்பப் புடிச்ச கேள்வி இதுதான். இலக்கண வகுப்புல தோன்றா எழுவாய்னு படிச்சிருப்பாங்க, "வந்தான்"னு சொன்னா "அவன்" மறைஞ்சு நிக்குதுன்னு எழுதி மார்க் வாங்கியிருப்பாங்க, அந்தப் பாடம் உசுரோட வேலை செய்யிற எடம் இங்கதான் கெடைக்குது. "பதினேழு ஆயிடுமாடா?"ங்கிறதுல எது பதினேழு ஆகணும்னு இல்லவே இல்ல. கமலம் மனசுல "நெல்லோட ஈரப்பதம் பதினேழு ஆயிடுமா?" ரகு காதுல அதே வாக்கியம் "நம்ம முறை வர பதினேழாந்தேதி ஆயிடுமா?" ரெண்டுமே நல்ல தமிழ், ரெண்டுமே அந்தக் களத்துல எவனும் கேக்கக்கூடிய கேள்வி.

4வது வரி இன்னும் கெட்டி. எழுத்தர் ரகுகிட்ட சொன்னது "உங்க முறை பதினேழாந்தேதி". அதுல முறையும் இருக்கு தேதியும் இருக்கு, அது யார் காதுல விழுந்தாலும் ஈரப்பதமா கேக்காது. ரகு அத அத்தைகிட்ட சொல்றப்ப சுருக்கிட்டான், முறை போச்சு, தேதி போச்சு, "பதினேழுக்கு எடுத்துக்கறேன்னுட்டாரு"ன்னு ஆயிடுச்சு. அந்த "க்கு" நாளுக்கும் பொருந்தும், அளவுக்கும் பொருந்தும். "வெள்ளிக்கெழமைக்கு எடுத்துக்கறேன்", "ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கறேன்" ரெண்டும் நாம சொல்றதுதான? இதுல பாருங்க, அத்தைகிட்ட நேத்து எழுத்தர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைங்கதான், "பதினேழுக்கு எறக்குங்க, எடுத்துக்கறேன்". ரகு தன்னோட சேதியச் சுருக்கப் போயி, அது அத்தையோட சேதி மாதிரியே ஆகி நின்னுடுச்சு. இத ஒரு பொண்ணு பென்சிலால ரெண்டையும் கோடு போட்டு இணைச்சுக் காட்டுச்சு, அதுக்கு நான் தனியா மார்க் போட்டேன்.

5வது வரியில "இன்னும் ரெண்டு". அத்தைக்கு 19லேருந்து 17 போனா ரெண்டு. ரகுவுக்கு 15ஆம் தேதிலேருந்து 17க்கு ரெண்டு நாள். சதவீதமா நாளான்னு ரெண்டு பேரும் சொல்லல, சொல்ல வேண்டிய அவசியமும் படல, ஏன்னா கணக்கு சரியா வந்துடுச்சு. "ரெண்டு பேரும் பேசுறது வேற வேறன்னா கணக்கு எப்படி ஒத்துப் போவும், அப்ப ஒண்ணத்தான் பேசுறோம்"னு அவங்க மனசு முடிவு பண்ணிடும். பத்தியில தேதிய நான் பிப்ரவரி 15னு குறிச்சுப் போட்டதுக்கு இதுதான் காரணம், அது அலங்காரத்துக்கு போட்ட தேதி இல்ல, அந்தத் தேதிய அடிச்சுட்டா இந்தக் கேள்விக்கு யாராலயும் பதில் எழுத முடியாது.

மூணாவது கேள்வி: குழப்பம் எந்த வரியில தொடங்குச்சு, எந்த வரியில வெளிய தெரிஞ்சுச்சு?

ரெண்டையும் ஒரே கேள்வியில வேணும்னேதான் வச்சேன். தனித்தனியா கேட்டா ரெண்டுக்கும் 13னே எழுதிடுவாங்க. ஏன்னா அங்கதான் அத்தை குரல் மாறுது, படிக்கிறவங்களுக்கு சண்டை அங்கதான் கண்ணுல படுது. தொடக்கம் 1வது வரி. கேள்விய அத்தை ஒண்ணா கேட்டுச்சு, ரகு வேற ஒண்ணா வாங்கிக்கிட்டு "ஆயிடும்"னு பதில் சொன்ன அந்த நிமிஷமே பிரிஞ்சாச்சு. 2லேருந்து 9 வரைக்கும் பிரிஞ்ச பாதையிலயே ரெண்டு பேரும் சந்தோஷமா நடக்குறாங்க. வெளிய தெரியிறது எங்கங்கிறதுல வகுப்புல நல்ல வாக்குவாதம் ஆச்சு.

7லதான்னு சிலர். "தானா எப்படிடா போவும்?"னு அத்தைக்கு ஒரு நெருடல் வருது, நெசந்தான். ஆனா அடுத்த மூச்சுலயே "கூட இருந்து பாக்கணும்ல?"ன்னு கேட்டு அந்த நெருடல அதுவே மூடிடுது. கூட இருந்து பாக்குறதுன்னா அத்தைக்குக் கெளறிவிடுறது, ரகுவுக்குக் காவல். "ராப்பகலா கெடக்குறனே"ங்கிறது ரெண்டுக்கும் சரியான பதில். கெடைச்ச வாய்ப்பு நழுவிப்போற எடம்னு 7ஐ சொல்லலாம், வெளிய தெரிஞ்ச எடம்னு சொல்ல முடியாது.

என் கணக்குல 10தான். ரகு "ஆளா, எதுக்கு அத்த?"ன்னு கேக்குறான் பாருங்க, இந்த உரையாடல்லயே ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்கு நெசமா பொருந்தாமப் போற மொத எடம் அது. ரெண்டு நாள் சும்மா காத்திருக்குறதுக்கு எதுக்கு ரெண்டு ஆளு? நல்ல கேள்வி. ஆனா கேட்டுட்டு பதிலுக்கு நிக்கல, அவனே "ஒருத்தன் போதும்"னு பதிலும் சொல்லிட்டான். அந்த "எதுக்கு"ங்கிறதோட நிறுத்தியிருந்தா அத்தை "கெளறத்தான்டா"ன்னு சொல்லியிருக்கும், விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும். பிள்ளைங்ககிட்ட 10ன்னோ 11ன்னோ எது எழுதுனாலும் காரணம் சரியா இருந்தா ஏத்துக்குவேன், 13ன்னு எழுதி "கமலம் கோவப்பட்டாங்க"ன்னு காரணம் சொன்னா பாதிதான். கோவம்ங்கிறது விளைவு, அதுக்கு முன்னாடியே பொருந்தாமை வந்தாச்சு.

நாலாவது கேள்விதான் பத்தியோட மையம்: இந்தக் குழப்பத்துக்குக் காரணம் எது? பத்தியிலேருந்து ஆதாரம் காட்டுக.

"யார் காரணம்?"னு கேக்கக்கூடாதுன்னு நான் உறுதியா நெனைக்கிறேன். யார்னு கேட்டா பிள்ளைங்க நீதிபதி ஆயிடும், ரகு சோம்பேறி, அத்தை அவசரக்காரி, எழுத்தர் மேல தப்புன்னு தீர்ப்பு எழுதும், பத்திய விட்டு வெளிய போயிடும். எதுன்னு கேட்டா பத்திக்குள்ள தேடியாவணும்.

வந்த பதில்கள்ல அடிக்கடி வந்தது டிராக்டர் சத்தம். அத நான் பொறியாத்தான் வச்சேன், ரகுவோட தூக்கமும் அப்படித்தான். இத எப்படி தப்புன்னு காட்டுறது? "இல்ல"ன்னு சொன்னா போதாது, அவங்களே கண்டுபுடிக்கிற மாதிரி ஒரு சோதனை வேணும். சத்தத்தால வந்த குழப்பம்னா யாராவது ஒரு வார்த்தைய தப்பா திருப்பிச் சொல்லியிருக்கணும், இல்லன்னா "என்ன?", "கேக்கல"ன்னு வந்திருக்கணும். பத்தியப் பாருங்க. அத்தை பதினேழுன்னுச்சு, ரகுவும் பதினேழுங்கிறான். அத்தை ரெண்டுன்னுச்சு, ரகுவும் ரெண்டுங்கிறான். "தானா"ன்னான், அத்தை "தானா எப்படிடா"ங்குது. "படுத்துக்கிட்டே"ன்னான், அத்தை அதையே திருப்புது. ஒவ்வொரு வார்த்தையும் அச்சு பிசகாம போய் சேந்திருக்கு. காதுல எந்தக் கோளாறும் இல்ல. தூக்கத்துக்கும் இதே மாதிரிதான், நல்லா தூங்கி எந்திரிச்ச ரகுவா இருந்தாலும் அவனுக்கு 19ங்கிற சேதி தெரிஞ்சிருக்காது, அப்பவும் இதே பதிலத்தான் சொல்லியிருப்பான். எடுத்துட்டாலும் குழப்பம் அப்படியே இருக்குதுன்னா அது காரணம் இல்ல, பக்கத்துல நின்ன ஒண்ணு, அவ்ளோதான்.

அடுத்த பதில் கொஞ்சம் மேல: "பதினேழுங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு." இதத் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா இங்க நிறுத்துனா பாதிதான். ஏன்னா அந்தக் களத்துல பதினேழுன்னா ஈரப்பதம்னு ரகுவுக்குத் தெரியாதா? விவசாயக் குடும்பத்துப் பையன், நல்லாவே தெரியும். மாசத்துக்கு ஒரு பதினேழாந்தேதி வரும்னு அத்தைக்குத் தெரியாதா? ரெண்டு அர்த்தமும் ரெண்டு பேருக்கும் தெரியும். அப்ப ஏன் ஆளுக்கு ஒண்ணுதான் மனசுல வந்துச்சு? ரெண்டு பேரும் கடைசியா கேட்ட சேதி வேற வேற. அதுவும் ஒரே ஆள் வாயிலேருந்து வந்த சேதி. இந்தக் கேள்வி கேட்டப்பதான் வகுப்புல பதில் ஆழமாச்சு.

3வது வரிய எடுத்துக்கிட்டு பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு சொன்னது எனக்கே அந்த வரிய இன்னும் கூர்ந்து பாக்க வச்சுச்சு. "சார், அத்தை அங்க யாரு சொன்னான்னு கேட்டாங்க, என்ன சொன்னாருன்னு கேக்கல. யாருன்னு கேட்டதால எழுத்தர்னு பதில் வந்துச்சு, நேத்து தன்கிட்ட பேசுனதும் எழுத்தர்தான், அதனால அவங்களுக்கு சந்தேகமே போயிடுச்சு." ரொம்ப சரி. 3வது வரியில நடக்குறது சரிபாக்குறது. ஆனா சரிபாத்தது ஆளத்தான், சேதிய இல்ல. ஆள் ஒத்துப்போனதால சேதியும் ஒத்துப்போச்சுன்னு ரெண்டு பேரும் நம்பிட்டாங்க. எழுத்தருக்குப் பதிலா ரகுகிட்ட தேதி சொன்னது சுமை தூக்குறவர்னு வச்சிருந்தா, "அவரு எப்படிடா பதினேழு பாத்தாரு, மீட்டர் எழுத்தர்கிட்டல்ல இருக்கு"ன்னு அத்தை கேட்டிருக்கும், 5வது வரியிலயே ஒடஞ்சிருக்கும்.

அதனால முழு மார்க்குக்கு நான் எதிர்பாக்குற பதில் இந்த மாதிரி இருக்கும்: "எழுத்தர் கமலத்துகிட்ட ஈரப்பதத்தையும் ரகுகிட்ட தேதியையும் சொன்னார், ரெண்டுலயும் பதினேழு இருந்தது. போன்ல பேசும்போது எது பதினேழு என்று இருவரும் சொல்லவில்லை (வரி 1, 4). சொன்னவரும் ஒருவரே (வரி 3), மீதியும் ரெண்டு என்றே வந்தது (வரி 5, 6), அதனால் ஒரே விஷயத்தைப் பேசுவதாக இருவரும் நினைத்தார்கள்." இதுல மூணு விஷயம் இருக்கு, ஆளுக்கு ஒரு சேதி, சொல்லாம விட்டது, தற்செயலா ஒத்துப்போனது. மொத ரெண்டும் இருந்தாத்தான் குழப்பம் பொறக்கும், மூணாவது அத இவ்வளவு நேரம் உசுரோட வச்சிருக்கும். பிள்ளைங்க மூணையும் இந்த வார்த்தையில எழுதணும்னு இல்ல, வரி எண்ணோட எழுதுனா போதும். வரி எண் இல்லாம எழுதுன பதிலுக்கு நான் மார்க் கொறைப்பேன், அது கொஞ்சம் கறார்தான், ஆனா ஆதாரம் கேட்டுட்டு ஆதாரம் இல்லாம விட்டா அடுத்த தடவ மறுபடி சிக்னல் இல்லன்னுதான் வரும்.

அஞ்சாவது கேள்வி: ஒரே ஒரு வரிய மாத்தி குழப்பத்த அங்கயே நிறுத்துக. ஏன் நின்னுச்சுன்னு ஒரு வாக்கியம் எழுதுக.

காரணம் புரிஞ்சுச்சா இல்லையான்னு இதுல மறைக்கவே முடியாது. சிக்னல்தான் காரணம்னு எழுதுன பையன் இங்க "அத்தை சத்தமா, ரகு பதினேழு ஆயிடுமாடா என்று கேட்டார்"னு மாத்துனான். அப்பறம் அவனே 2வது வரியப் படிச்சுப் பாத்துட்டு "ஒண்ணும் மாறல சார்"னான். நான் எதுவும் சொல்லல. நாலாவது கேள்விக்குத் திரும்பிப் போயி அவனா அடிச்சு எழுதுனான்.

நல்ல மாத்தம்னா 1வது வரியில "ஈரம் பதினேழுக்கு எறங்கிடுமாடா?" ஒரு வார்த்தை சேத்தா போதும். 4வது வரியில "பதினேழாந்தேதி எடுத்துக்கறேன்னுட்டாரு"ன்னாலும் சரி, எழுத்தர் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா அத்தை ஒடனே "தேதி கெடக்கட்டும், ஈரம் எறங்குச்சா?"ன்னு கேட்டிருக்கும். நெறைய பேர் 5ஐ மாத்துனாங்க, "இன்னும் ரெண்டு சதவீதம் இருக்கு". இந்த மூணுமே சரி. "ரகு, ஒழுங்கா பதில் சொல்லு"ங்கிற மாதிரி மாத்துனவங்களுக்கு மார்க் இல்ல, ஏன்னா ரகு அவன் கேட்டுக்கிட்ட கேள்விக்கு ஒழுங்காத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கான்.

இதெல்லாம் முடிஞ்சப்பறம் ஒரு கேள்வி கூடுதலா போட்டேன், மார்க் கெடையாது, வாயால பேசுறதுக்கு மட்டும். பத்தியில தேதி 15க்குப் பதிலா 14னு இருந்தா என்ன ஆகும்?

ஒடனே எல்லாரும் சொன்னது, 6வது வரியிலயே மாட்டிக்குவாங்கன்னு. அத்தை "இன்னும் ரெண்டு"ன்னா ரகு "இல்லத்த, மூணு"ன்னு சொல்லுவான், கணக்கு இடிக்கும், முடிஞ்சுது. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா கமலம் மனசுல நின்னு பாக்கணும். நேத்து 19 காட்டுச்சு, இன்னைக்கு ரகு மூணு இருக்குங்கிறான், அப்ப 20 ஆயிருக்கு. அத்தைக்கு அது ஆச்சரியமே இல்ல, மாசிப் பனியில ராத்திரி தெறந்து கெடந்த நெல்லு ஈரம் வாங்கிக்கும்னு அதுக்குத் தெரியும். ரகு "மூணு"ன்னதும் அத்தை "ஏன்டா, எண்ணு தப்பா வருதே?"ன்னு கேக்காது, "ராத்திரி மூடலையாடா?"ன்னுதான் கேக்கும். பாத்தீங்களா, கணக்கு இடிச்சும் குழப்பம் ஒடையல, அத்தைகிட்ட ஏற்கெனவே இருக்குற ஒரு அனுபவம் அந்த இடிப்ப வாங்கி உள்ள வச்சுக்குது. அதுக்கு ரகு என்ன சொல்லுவான்? "மூடித்தான் வச்சிருந்தேன் அத்த, இப்பவும் மூடித்தான் இருக்கு"ம்பான், காவல் காக்குறவன் பெருமையா சொல்ற பதில். இப்ப அத்தை 13வது வரிய ஒன்பதாவது வரியிலயே கேட்டுடும்.

ஆக 14ன்னு மாத்துனா குழப்பம் சீக்கிரம் ஒடையிது, ஆனா எல்லாரும் நெனச்ச எடத்துல இல்ல, எண்ணு இடிச்சதாலயும் இல்ல. தார்ப்பாய்ங்கிற பொருள் பேச்சுக்குள்ள சீக்கிரம் வந்துட்டதால ஒடையிது. மூலப் பத்தியிலயும் கடைசியில ஒடைச்சது தார்ப்பாய்தான். எண்ணுங்க ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், ஆனா மூடுன நெல்லு அத்தையோட பதினேழுக்கு ஒட்டவே ஒட்டாது. ஒரு பையன் இத வேற மாதிரி முயற்சி பண்ணுனான், "சார், அத்தை பனியில ஏறிடுச்சாடான்னு கேட்டா?" கேட்டா அங்கயே முடிஞ்சுது, ரகு "எது அத்த ஏறிடுச்சா?"ன்னு கேட்டாவணும், தேதி பனியில ஏறாது. அந்தப் பையன் எழுதுன 6, 7 வரிய இப்ப அடுத்த வகுப்புக்கான தாள்ல அப்படியே சேத்துட்டேன், ரெண்டு வடிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "எதுல சீக்கிரம் தெளிஞ்சுச்சு, எந்த வார்த்தையால?"ன்னு கேள்வி போட்டு.